ஹார்டு பிரஷ்ஷில் அழுத்தித் தேய்த்தால் ஈறு இறங்குமா?

"கோபி பக்கம் இருக்கிறோம்ங்க. அப்பா வருஷக்கணக்காக ஹார்டு பிரஷ்தான். இப்போது இடது மேல்பல் நீளமாகத் தெரிகிறது, மோர் குடித்தாலே கூசுகிறது. சாஃப்ட் பிரஷ்ஷில் அழுக்குப் போகுமா?"

நன்றாகவே போகுங்க. பல்லில் தினமும் படிவது மெத்தென்ற படலம், சாஃப்ட் நாரே அதை எடுத்துவிடும். கல்லாக இறுகிய காரையை எந்த பிரஷ்ஷும் எடுக்காது, அதை டாக்டர்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

பல் நீளவில்லை, ஈறு மேலே ஏறி வேர் வெளியே தெரிகிறது, மேல்பல்லில் ஈறு இறங்குவது என்பது இதுதான். கோரைப்பல்லும் அதை ஒட்டிய பற்களும் வளைவில் துருத்தி நிற்பவை. அங்கே ஈறும் மெல்லிசு, அடியில் எலும்பும் மெல்லிசு. வலது கைக்காரர் குறுக்கே இழுத்துத் தேய்க்கும்போது பெரும்பாலும் இடது பக்கம்தான் அதிகம் அடிபடும். வேருக்கு எனாமல் கிடையாது என்பதால் சீக்கிரம் தேய்ந்து, ஈறோரம் நகம் மாட்டுகிற மாதிரி பள்ளம் விழும். அப்பாவுக்கு அங்கே நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள்.

சாஃப்ட் பிரஷ்ஷையும் அழுத்தினால் கெடுதல்தான். சமையலறைத் தராசில் பிரஷ்ஷை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 150 கிராம் அளவே போதும். அப்புறம், பென்சில் மாதிரி பிடித்து, ஈறோரம் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன அசைவாகத் தேய்க்கட்டும். சில வாரத்திலேயே நார் விரிந்தால் அழுத்தம் குறையவில்லை என்று அர்த்தம்.

இறங்கிய ஈறு தானாக வளராது. ரத்தமோ பல் ஆட்டமோ இருந்தால் ஈறு நோயாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்டுங்க.