பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண் அந்தக் கடையுடையதுதானா?

குடும்பத்தோடு ஓட்டலில் சாப்பிட்டோம். சாப்பாடு 1,240 ரூபாய். சிஜிஎஸ்டி 31, எஸ்ஜிஎஸ்டி 31 என்று சேர்த்து 1,302 வாங்கிக்கொண்டார்கள். பில்லின் மேலே ஜிஎஸ்டி எண் அச்சாகியிருக்கிறது. அது உண்மையான எண்தானா என்று எங்கே பார்ப்பது?
– திருச்சி வாசகர்

www.gst.gov.in தளத்தில் பார்க்கலாம். கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். முகப்பில் Search Taxpayer என்ற பட்டியைத் திறந்து, Search by GSTIN/UIN என்பதைத் தேர்ந்தெடுத்து, 15 இலக்க எண்ணை அடியுங்கள். கீழே படத்தில் தெரியும் எண்களையும் அடித்து SEARCH கொடுத்தால் கடையின் விவரம் வந்துவிடும். இதற்காக உங்கள் செல்போன் எண்ணையோ ஓடிபியையோ ஒரு தளம் கேட்டால், நீங்கள் வேறெங்கோ போய்விட்டீர்கள் என்று பொருள். முகவரி gov.in என்று முடிகிறதா என்று பாருங்கள்.

பெரும்பாலானவர்கள் GSTIN / UIN Status என்ற இடத்தில் Active என்று பார்த்ததும் திருப்தியாகி மூடிவிடுகிறார்கள். நீங்கள் அனுப்பிய பில்லில் இருந்த எண்ணை நானும் போட்டுப் பார்த்தேன். Active-தான், பெயரும் முகவரியும்கூட ஒத்துப்போகின்றன. ஆனால் Taxpayer Type என்ற வரியில் Composition என்று இருக்கிறது. விஷயமே அங்கேதான்.

காம்பொசிஷன் என்பது சிறு வியாபாரிகளுக்கான எளிய திட்டம். அதில் சேர்ந்த ஓட்டல் தன் மொத்த விற்பனையில் 5 சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. அவர்கள் கொடுக்க வேண்டியது வரி பில் அல்ல, ‘பில் ஆஃப் சப்ளை’. அதன் தலையில், தான் காம்பொசிஷன் வரிதாரர், வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகமும் இருந்தாக வேண்டும். உங்கள் பில்லில் அந்த வாசகமும் இல்லை. ஆக, எண் அசல், அந்த 62 ரூபாய்தான் வாங்கியிருக்கக் கூடாதது. சாதாரண ஓட்டல்களுக்கும் வரி 5 சதவீதம்தான் என்பதால், பில்லைப் பார்க்கிற யாருக்கும் சந்தேகமே வராது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் காட்டுவது இன்றைய நிலை. பழைய பில்லாக இருந்தால், அன்று அந்தக் கடை சாதாரணப் பதிவில் இருந்து பிறகு காம்பொசிஷனுக்கு மாறியிருக்கலாம். அதே பட்டியில் Search Composition Taxpayer என்று தனியாக ஒரு தேடல் இருக்கிறது. எப்போது சேர்ந்தார்கள், விலகினார்கள் என்பதை அங்கே பார்த்துவிட்டுக் கல்லாவில் போய்ப் பேசுங்கள். உங்கள் பில் போன வாரத்துப் பில் என்பதால் கவலையில்லை.

எண்ணை எத்தனை தடவை அடித்தாலும் invalid என்றுதான் வருகிறது. அப்படியானால் கடைக்காரர் போலி எண் போட்டிருக்கிறாரா?
– கரூர் வாசகி

அதற்குள் முடிவு கட்டாதீர்கள். முதலில் உங்கள் கண்ணைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் பில் அடிக்கும் மெஷினை. சூட்டில் அச்சாகும் அந்தப் பளபளப்புத் தாள் பர்ஸில் ஒரு மாதம் இருந்தாலே 8 எது, B எது என்று தெரியாது. 0-வும் O-வும் அதைவிட மோசம். நல்ல வேளையாக, இந்த எண்ணில் எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் எண் என்பது நிலையானது. மாதிரிக்கு ஒன்று:

```
33 ABCDE 1234 F 1 Z 7
```

முதல் இரண்டு மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34, கேரளத்துக்கு 32, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண்: ஐந்து எழுத்து, நான்கு எண், மறுபடி ஓர் எழுத்து. பிறகு வருவது அதே பானில் அந்த மாநிலத்தில் இது எத்தனையாவது பதிவு என்பது. அடுத்து பெரும்பாலும் Z. ஆகவே 3 முதல் 7 வரையிலான இடங்களில் வட்டமாக ஏதாவது தெரிந்தால் அது O, 8 முதல் 11 வரையில் தெரிந்தால் அது பூஜ்யம். தடுமாற்றம் வரக்கூடியது கடைசி இடத்தில்தான். அங்கே எழுத்தும் வரலாம், எண்ணும் வரலாம். இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

அந்தக் கடைசி எழுத்து, முன்னால் உள்ள 14-ஐயும் வைத்துக் கணக்கிட்டுப் போடுவது. மேலே உள்ள மாதிரிக்கு அது 7 என்று வருகிறது. நடுவில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தால் கணக்கு உதைக்கும். invalid என்று வருவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

எழுத்துகளை எண்ணிப் பார்த்து 15-ம் சரியாக இருந்து, இடங்களும் ஒழுங்காக இருந்து, அப்போதும் invalid என்றால் கடைக்குப் போய்ச் சுவரைப் பாருங்கள். பதிவுச் சான்றிதழைக் கடையில் தெரியும்படி மாட்ட வேண்டும், பெயர்ப் பலகையிலும் எண்ணை எழுத வேண்டும் என்பது விதி. அதிலுள்ள எண் வேறு என்றால் பில் மென்பொருளில் தப்பாக ஏற்றியிருக்கிறார்கள். சான்றிதழே இல்லாமல் வரி மட்டும் வாங்குகிறார்கள் என்றால்தான் நீங்கள் சொல்லும் போலி.

எலக்ட்ரிக்கல் கடை பில்லில் கடைப் பெயர் ஒன்று. தளத்தில் யாரோ ஒரு தனி நபர் பெயர் வருகிறது. நம்பலாமா?
– பொள்ளாச்சி வாசகர்

தளத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். Legal Name of Business என்பது பான் அட்டையில் உள்ள பெயர். Trade Name என்பது பலகையில் உள்ள பெயர். ஒருவரே நடத்தும் கடையில் முதலாவது உரிமையாளரின் பெயராகத்தான் இருக்கும், அதில் தவறில்லை. Constitution of Business வரியில் Proprietorship என்று இருக்கிறதா, எண்ணின் 6-ஆவது இடத்தில் P இருக்கிறதா என்று பாருங்கள். அது பானின் நான்காவது எழுத்து. தனி நபருக்கு P, கூட்டு நிறுவனத்துக்கு F, கம்பெனிக்கு C. (மேலே நான் கொடுத்த மாதிரியில் அங்கே D இருக்கிறது. பானில் அப்படி ஒரு வகை கிடையாது. யாருடைய எண்ணையும் போட்டுவிடக் கூடாது என்றுதான் அதை வைத்தேன்.) பில்லில் பிரைவேட் லிமிடெட் என்று போட்டுவிட்டு எண்ணில் P இருந்தால் அது வேறொருவரின் எண்.

ஏமாற்றுகிறவர் எண்ணைக் கற்பனையில் உருவாக்குவது குறைவு. நடப்பில் இருக்கும் ஒருவருடைய எண்ணை எடுத்துப் போட்டுக்கொள்வதுதான் சுலபம், தளத்திலும் Active என்று வரும். அதனால் Trade Name, முகவரி இரண்டையும் பாருங்கள். கடை இருக்கும் ஊரும் Principal Place of Business-இல் உள்ள ஊரும் வேறாக இருந்தால், அது கிளையா என்று கேளுங்கள். கோவையில் கடை வைத்து கல்லாவில் சரக்கைக் கையில் கொடுப்பவரின் எண் 32 என்று தொடங்கினால் கேள்வியே வேண்டாம். பதிவு மாநிலவாரியானது, தமிழ்நாட்டுக் கடைக்கு 33 இருந்தாக வேண்டும்.

சிறு பட்டறை வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் 12, 2025 அன்று 1,00,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்கி, 18,000 ரூபாய் வரியும் கொடுத்தேன். இப்போது பார்த்தால் விற்றவரின் எண்ணில் Cancelled suo-moto, Effective from 01/07/2025 என்று இருக்கிறது. வரி வரவு கிடைக்குமா?
– ஓசூர் வாசகர்

அந்தத் தேதியைப் பார்த்தால், நீங்கள் வாங்கிய அன்று அவருக்கு வரி வசூலிக்கும் உரிமையே இல்லை. suo-moto என்றால் அதிகாரி தானாகவே ரத்து செய்தது. இப்போதைக்கு 18,000 ரூபாயை, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வரவாக எடுக்காதீர்கள். எடுத்தால் பின்னால் நோட்டீஸும் வட்டியும் வரும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ரத்து உத்தரவை முன்தேதியிட்டும் போட முடியும். உத்தரவு அக்டோபரில் வந்து, ஜூலையிலிருந்து செல்லும் என்று இருக்கலாம். அப்படியானால் ஆகஸ்ட் 12 அன்று நீங்கள் தேடியிருந்தாலும் Active என்றோ Suspended என்றோதான் பார்த்திருப்பீர்கள். Suspended என்றிருந்தாலே பின்வாங்கியிருக்க வேண்டும். அந்த நிலையில் இருப்பவர் வரி பில் போடக் கூடாது. Active என்றிருந்து, தேதியோடு அந்தப் பக்கத்தை எடுத்து வைத்திருந்தால், நீங்கள் விசாரித்துத்தான் வாங்கினீர்கள் என்பதற்கு அது ஆதாரம். அது மட்டும் வரவை வாங்கித் தந்துவிடாது.

விற்றவரைப் பிடியுங்கள். உத்தரவு கையில் கிடைத்த 90 நாளுக்குள் ரத்தை நீக்கக் கேட்டு அவர் விண்ணப்பிக்கலாம். பதிவு மீண்டு, அவர் நிலுவை ரிட்டன்களைத் தாக்கல் செய்தால், உங்கள் பில், தளமே மாதந்தோறும் உங்களுக்குத் தயாரித்துத் தரும் வரவுப் பட்டியலான GSTR-2B-இல் வரும். வராதவரை வரவு கிடையாது.

அடுத்த முறைக்கு, நான் என் கட்சிக்காரர்களுக்குச் சொல்வது இதுதான். புதிய ஆளிடம் வாங்கினால் சரக்கின் விலையை மட்டும் கொடுங்கள், வரித் தொகையை நிறுத்தி வையுங்கள். அடுத்த மாதம் 14-ஆம் தேதி 2B வரும், அதில் பில் இருந்தால் மீதியைக் கொடுங்கள். எல்லா வியாபாரியும் ஒத்துக்கொள்ள மாட்டார், பேசிப் பாருங்கள். 180 நாளைத் தாண்டி நிறுத்தி வைக்காதீர்கள். அதற்குள் முழுப் பணமும் கொடுக்காவிட்டால் எடுத்த வரவைத் திருப்ப வேண்டிவரும்.

Show Filing Table என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் சில மாதங்களே காணோம். வரி கட்டாத ஆளா?
– அதே ஓசூர் வாசகர்

இருக்காது. ஆண்டு விற்பனை 5 கோடிக்குள் இருப்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அவருக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்றுதான் வரிசை தெரியும். அந்தக் காலாண்டு வரிசையிலேயே இரண்டு விடுபட்டிருந்தால் யோசியுங்கள். GSTR-1 மட்டும் இருந்து GSTR-3B இல்லை என்றால் இன்னும் யோசியுங்கள். பில்லைக் காட்டிவிட்டுப் பணம் கட்டாமல் இருக்கிறார் என்று அர்த்தம். மற்றபடி, உங்கள் பில் அந்த ரிட்டனில் இருக்கிறதா என்பதை இந்தப் பட்டியல் சொல்லாது.

எங்கள் தெரு மளிகைக் கடை பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. புகார் செய்யலாமா?
– மதுரை வாசகி

பில்லில் வரி என்று தனியாக ஏதாவது வாங்கினார்களா? இல்லை என்றால் விட்டுவிடுங்கள். சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாகப் பதிவே தேவையில்லை. எண் இல்லாமல் வரி வாங்கினால்தான் தப்பு.

வரி தவறாக வாங்கினார்கள் என்று உறுதியானால் எங்கே சொல்வது?
– மேலே உள்ள திருச்சி வாசகரே

முதலில் கடையில் கேளுங்கள். 62 ரூபாய்க்கு அவர்கள் பெரும்பாலும் சண்டை போட மாட்டார்கள். மறுத்தால், நீங்கள் தேடிய அதே பக்கத்தில் Administrative Office என்று ஒரு வரி இருக்கிறது. அந்தக் கடை மாநில வணிகவரித் துறையின் கீழா, மத்திய அரசு அலுவலகத்தின் கீழா, எந்தச் சரகம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த அலுவலகத்துக்குப் பில்லின் நகல், தேடல் பக்கத்தின் படம் இரண்டையும் வைத்து ஒரு கடிதம் எழுதினால் போதும். வாடிக்கையாளரிடம் வரி என்று வாங்கிய பணத்தைக் கடைக்காரர் தானே வைத்துக்கொள்ள முடியாது, அரசுக்குக் கட்டியாக வேண்டும். பணம் உங்களுக்குத் திரும்ப வேண்டும் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். பேசுவதற்கு முன்பே பில்லைப் படம் எடுத்து வைத்துவிடுங்கள். அந்தத் தாள் மங்கிக்கொண்டே இருக்கும்.