உருளைக்கிழங்கு வரி யார் தலையில் விழுகிறது?

கேள்வி: இறக்குமதி உருளைக்கிழங்குக்கு வரி போட்டால், இலங்கையிலேயே விளையும் நுவரெலியாக் கிழங்கின் விலையும் ஏன் ஏறுகிறது?

இறக்குமதி வரி என்பது துறைமுகத்தில் பொருளின் விலையோடு சேரும் தொகை. சந்தையில் ஒரு கிலோ வாங்கும் ஒருவர் வாங்காமல் போனால் மொத்த விலை இறங்காது. உலகச் சந்தையில் இலங்கையும் அப்படிப்பட்ட சிறு வாடிக்கையாளர்தான். ஆகவே உலக விலை அசையாது, வரி முழுவதும் உள்ளூர் விலையில் ஏறும். 200 ரூபாய் இறக்குமதிக் கிழங்கு வரியோடு 250 ரூபாய்க்கு விற்கும்போது உள்ளூர் விவசாயி தன் கிழங்கை 200க்கு விற்க மாட்டார்.

எண்கள் கற்பனைதான். 200 ரூபாய்க் கிழங்குக்கு 50 ரூபாய் வரி. உள்ளூர் விளைச்சல் 2 கோடி கிலோவிலிருந்து 3 கோடியாகிறது. நுகர்வு 8 கோடியிலிருந்து 7 கோடியாகிறது. இறக்குமதி 6 கோடியிலிருந்து 4 கோடியாகிறது. வாங்குவோர் இழப்பது 375 கோடி ரூபாய். அதில் விவசாயிகளுக்கு 125 கோடி, அரசுக்கு 200 கோடி. மீதி 50 கோடி யார் கைக்கும் போவதில்லை. பாதி, 200 ரூபாய்க்குக் கிடைப்பதை அதிகச் செலவில் விளைவித்ததில் கரைகிறது. மறுபாதி, விலைக்கு அஞ்சி வாங்காமல் விட்டவர்கள் இழந்த பயன்.

வரியை வெளிநாட்டு ஏற்றுமதியாளர் கட்டுகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். இத்தகைய சிறு நாட்டில் அவருக்கு அதே 200 ரூபாய்தான் கிடைக்கிறது.