மண்ணோட ஒட்ட வெட்டின கீரை ஏன் தழைக்கேல்ல?

கேள்வி: ஐயா, வெள்ளவத்தையில மூண்டாம் மாடி பல்கனியில மீன் வாற ரெஜிபோம் பெட்டி ரெண்டில கீரை போட்டனான். ஒண்டில சிவப்புத் தண்டுக்கீரை, மற்றதில பக்கெட் விதை ஸ்பினாச். தண்டுக்கீரை ஒரு சாண் வந்தவுடன கத்திரிக்கோலால மண்ணோட ஒட்ட வெட்டினன், திரும்பத் தழைக்கும் எண்டு சொன்னவை. ஆனா கால்வாசிதான் வந்திச்சு, மிச்சம் அடிக்கட்டை கறுத்து அழுகிப் போச்சு. ஸ்பினாச் அஞ்சாறு இலை விட்டிட்டு நடுவில தண்டு இழுத்து நிக்குது. பெட்டி அரைச் சாண் ஆழம்தான், அதாலயோ?

பதில்: பெட்டியில பிழை இல்லை தங்கச்சி, தண்டுக்கீரைக்கு அரைச் சாண் மண் காணும். பிழை வெட்டின இடத்தில. ஒரு செடியைக் கிட்டப் பிடிச்சுப் பாருங்கோ, ஒவ்வொரு இலைக்காம்பும் தண்டோட சேருற மூலையில ஊசிமுனை அளவுக்குப் பச்சையா ஒரு மொட்டு இருக்கும். நுனி இருக்கும்வரைக்கும் அது தூங்கும், நுனியை வெட்டினவுடன முழிச்சுப் பக்கக்கிளையா வரும். மண்ணோட ஒட்ட வெட்டினா அந்த மூலை ஒண்டுமே மிஞ்சாது, பிறகு எதில இருந்து தழைக்கிறது? உங்களுக்கு வந்த கால்வாசி, கத்திரி கொஞ்சம் மேல பட்ட செடியளாத்தான் இருக்கும்.

இனி வெட்டேக்க 3 விரல், 4 விரல் உயரம் விட்டு வெட்டுங்கோ, அளவை விட முக்கியம் அடியில ரெண்டு மூண்டு கணுவும் அதில ரெண்டு நல்ல இலையும் நிக்கவேணும். அந்த இலைதான் புதுக் கிளை வரும்வரைக்கும் செடிக்குச் சாப்பாடு. வெட்டி நாலஞ்சு நாளில மூலையில மொட்டு பருத்திருக்கும், ரெண்டு கிழமைக்குள்ள அடுத்த வெட்டுக்கு வந்திடும். அடுத்த முறை அந்தப் பக்கக்கிளையிலயும் ஒரு கணுவை விட்டு வெட்டவேணும், முழுசா உரிச்சு எடுக்கக் கூடாது.

அடிக்கட்டை அழுகினதுக்கு இன்னொரு காரணமும் இருக்கும் எண்டு நினைக்கிறன். வெட்டின செடியில இலை குறைவு, அதால அது குடிக்கிற தண்ணியும் குறைவு, நாங்கள் பழக்கத்தில முந்தின அளவே ஊத்துவம், ஆழமில்லாத பெட்டியில அடிமண் சேறாகி வேர் மூச்சு விட ஏலாமல் போயிடும். பெட்டிக்கு அடியிலயும் அடிப்பக்க விளிம்பிலயும் பென்சில் போற அளவு ஓட்டை போட்டு, ரெண்டு செங்கல்லுக்கு மேல தூக்கி வையுங்கோ. வெட்டி முதல் மூண்டு நாலு நாள் மேல்மண்ணை விரலால தொட்டுப் பாத்து, காய்ஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்கோ. கிளை விட்ட பிறகு நிலைமை தலைகீழ், நல்ல வெய்யில் நாளில காலையும் பின்னேரமும் தண்ணி வேணும், மண் காய்ஞ்சு காய்ஞ்சு வந்தா கீரை நேரத்துக்கு முன்னமே பூக்கும். பூங்கொத்து கண்டா உடன கிள்ளி விடுங்கோ.

நெருக்கமும் பாக்கவேணும். உங்கட பெட்டி மாதிரி ஒண்டில தூவின விதை அவ்வளவும் நிண்டா தண்டு நூல் மாதிரித்தான் வரும், அதுக்கு மறுபடி தழைக்கச் சக்தி இல்லை. சின்னனில வேரோட பிடுங்கிச் சுண்டிச் சாப்பிட்டு, 4 விரல் இடைவெளியில ஒரு 25 செடியை மட்டும் வெட்டுக்கு விடுங்கோ. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் ரெண்டு பிடி கொம்போஸ்ட் தூவுங்கோ. கிளை வந்த பிறகும் இலை வெளிறி இருந்தா 5 லீற்றர் தண்ணியில ஒரு தட்டைத் தேக்கரண்டி யூரியா கரைச்சு மண்ணில மட்டும் ஊத்துங்கோ, இலையில படாமல், பிறகு ஒரு கிழமை வெட்டாதேங்கோ.

ஸ்பினாச் விசயம் வேற. அது குளிர் இடத்துப் பயிர், நுவரெலியாவில வரும், கொழும்பு வெக்கையில முளைப்பும் குறையும், இலைக்கட்டு பிடிக்க முதல் தண்டு இழுத்திடும். அதுக்கு வளருற இடம் நடுக்குருத்து, தண்டுக்கீரை மாதிரித் தலையை வெட்டக் கூடாது, வெளி இலையை மட்டும் காம்போட எடுத்து நடுவை விடவேணும். உங்கட செடி ஏற்கனவே தண்டு விட்டிட்டு, இனி நல்ல இலை தராது, இருக்கிறதை வெட்டிச் சமைச்சிட்டு அந்தப் பெட்டியில பசளி வையுங்கோ. சந்தையில நிவித்தி எண்டு விக்கிற கட்டில முத்தின தண்டா ஒரு சாண் துண்டுகள் எடுத்து, ரெண்டு கணு மண்ணுக்குள்ள போக ஊண்டினால் வேர் விடும். அதையும் ரெண்டு மூண்டு இலை விட்டு நுனியை வெட்டி வெட்டி எடுக்கலாம், வெக்கை அதுக்கு விருப்பம்.

தண்டுக்கீரை மூண்டாம் நாலாம் வெட்டோட தண்டு மரமாகி இலை சிறுத்திடும். அதால ரெண்டாம் வெட்டு எடுக்கிற அண்டைக்கே இன்னொரு பெட்டியில புது விதை போட்டு வையுங்கோ. மழை நாளில இலைக்கு அடியில வெள்ளைக் கொப்புளம் மாதிரிக் கண்டா அந்த இலையளைக் கிள்ளி வெளியில எறிஞ்சிட்டு, இலை நனையாமல் காலமையில மட்டும் அடியில தண்ணி விடுங்கோ.