டயட் ஆரம்பித்ததும் வயிறு கட்டிக்கொண்டதா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருந்தன: "நார்ச்சத்து சாப்பிட்டால் மலச்சிக்கல் போகும் என்றார்கள், எனக்கு அதனால்தான் வந்திருக்கிறது." அதனால் முதலில் இதை எடுத்துக்கொள்கிறேன், மற்றவை பின்னால்.

கேள்வி: வயது 34. மூன்று வேளையும் இட்லி, சோறு என்று இருந்தவள், இரண்டு வாரமாக டயட்டில் இருக்கிறேன். காலையில் ஓட்ஸில் இரண்டு மேசைக்கரண்டி சியா விதை, மதியம் முளைகட்டிய பயறும் பச்சைக் காய்கறியும், மாலையில் ஒரு கப் கொண்டைக்கடலை, ஒரு கொய்யா, இரவு சூப். நான்கு நாளாக மலம் சரியாகப் போகவில்லை. அதற்காக இரவில் இரண்டு டீஸ்பூன் இசப்கோல் சேர்த்தேன். வயிறு இன்னும் கல் மாதிரி ஆகிவிட்டது.

பதில்: முதலில் அந்த இசப்கோலை நிறுத்துங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சியாவில் மட்டும் சுமார் 8 கிராம் நார், கொண்டைக்கடலையில் 12, இசப்கோலில் 7, ஓட்ஸ், கொய்யா, பயறு, காய்கறி எல்லாம் சேர்த்து இன்னொரு 14. ஆக ஒரு நாளைக்கு 40 கிராமைத் தொடுகிறது. முன்பு நீங்கள் சாப்பிட்ட இட்லி, சோறு, கொஞ்சம் பொரியலில் 12 முதல் 15 கிராம் இருந்திருந்தால் அதிகம். அதாவது ஒரே இரவில் மூன்று மடங்கு. பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவதே 25 முதல் 30 கிராம்தான்.

சியாவும் இசப்கோலும் தண்ணீரை இழுத்து ஊதிக்கொள்பவை. ஒரு டம்ளரில் ஒரு ஸ்பூன் சியாவைப் போட்டு இரவு முழுக்க வைத்துப் பாருங்கள், காலையில் கொழகொழவென்று டம்ளரின் பாதிக்கு நிற்கும். தண்ணீர் போதுமான அளவு இருந்தால் இதுவே மலத்தை இளக்கும். போதாவிட்டால் குடலுக்குள் களிமண் உருண்டை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். ஏற்கனவே அடைத்திருக்கும் இடத்தில் மேலும் நாரைக் கொட்டினால் பின்னால் வருவதெல்லாம் வரிசையில் நிற்கும், அதுதான் உங்களுக்கு நடந்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் தவறு செய்வதும் இங்கேதான், மலம் போகாத நாளில் நாரை இன்னும் கூட்டுகிறார்கள்.

சரி, என்ன செய்வது? அடுத்த நான்கைந்து நாள் சியா, இசப்கோல், கொண்டைக்கடலை, பச்சைக் காய்கறி நான்கும் வேண்டாம். மதியம் ஒரு கரண்டி சோறு, நன்றாக வெந்த சுரைக்காய் அல்லது பீர்க்கங்காய்க் கூட்டு, அதில் ஒரு டீஸ்பூன் எண்ணெயோ நெய்யோ. டயட் என்று எண்ணெயை அடியோடு விட்டுவிடுவதும் மலம் இறுகுவதற்கு ஒரு காரணம். கொய்யாவுக்குப் பதில் பழுத்த பப்பாளி நான்கைந்து துண்டு. தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல், நாள் முழுக்கப் பரவலாக இரண்டு, இரண்டரை லிட்டர். (சிறுநீரகம், இதயம் தொடர்பாகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் இந்த அளவு உங்களுக்கு இல்லை.)

மலம் ஆட்டுப் புழுக்கை மாதிரி வந்தால் இன்னும் வறட்சி இருக்கிறது என்று அர்த்தம். வாழைப்பழம் மாதிரி வழுவழுப்பாக, முக்காமல் வந்தால் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்றே ஒன்றைத் திரும்பச் சேருங்கள். முதல் வாரம் ஒரு டீஸ்பூன் சியா, ஊறியது மட்டும். அடுத்த வாரம் இரண்டு மேசைக்கரண்டி கொண்டைக்கடலை. அதற்கடுத்து ஒரு கிண்ணம் பச்சைக் காய்கறி. எதைச் சேர்த்த வாரத்தில் வயிறு உப்புகிறதோ அதுதான் ஆள் என்று தெரிந்துவிடும், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் எதைக் குறை சொல்வது? இசப்கோல் உங்களுக்குத் தேவையே இல்லை.

கேள்வி: மலம் ஒழுங்காகப் போகிறது. ஆனால் சுண்டல் சாப்பிட்டால் சாயங்காலம் வயிறு பலூன் மாதிரி, ஒரே காற்று. பருப்பு வகையை விட்டுவிடவா?

பதில்: விட வேண்டாம். பயறுகளில் நம் சிறுகுடலால் செரிக்க முடியாத ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது, அது பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாவால் புளிக்கிறது. மாவு புளித்தால் பொங்குகிறதே, அந்த மாதிரிதான். இந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி ஊறும் தண்ணீரில் இறங்கிவிடும். அதனால் 10, 12 மணி நேரம் ஊற வையுங்கள், நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், கடைசி ஊறல் தண்ணீரையும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேக வையுங்கள். "சத்து போய்விடும்" என்று அதே தண்ணீரில் வேக வைப்பவர்களுக்குத்தான் அதிகம் உப்புகிறது. கடலையை இரண்டு விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும், பல்லில் கடிபடக் கூடாது.

முதல் இரண்டு வாரம் கொண்டைக்கடலை, ராஜ்மாவை ஓரமாக வைத்துவிட்டுப் பாசிப்பருப்பில் ஆரம்பியுங்கள். சில வாரங்களில் குடல் பழகிவிடும். புரோட்டீன் பாரும் சுகர் ஃப்ரீ மிட்டாயும் சாப்பிடுகிறீர்களா? அவற்றில் இருக்கும் மால்டிடால், சார்பிடால் வகை இனிப்புகளும் இதே மாதிரி புளிப்பவைதான், பழியை மட்டும் சுண்டல் சுமக்கும்.

கேள்வி: காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பகல் 12 மணிக்குத்தான் சாப்பிடுகிறேன். தினமும் காலையில் போய்க்கொண்டிருந்தது, இப்போது மூன்று நாளைக்கு ஒருமுறை.

பதில்: வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும், காலையில் அந்த அசைவு பலமாக இருக்கும். சாப்பிட்ட அரை மணியில் கழிவறைக்கு ஓடுவது அதனால்தான். நீங்கள் அந்த மணியடிப்பையே எடுத்துவிட்டீர்கள். விரதத்தை மாலைப் பக்கம் தள்ளிப் பாருங்கள்: காலை 8 மணிக்குச் சாப்பிட்டு மாலை 5 மணிக்கு முடித்துவிடுங்கள். அது முடியாதென்றால் எழுந்ததும் வெந்நீர், பத்து நிமிட நடை, அப்புறம் வந்தாலும் வராவிட்டாலும் அதே நேரத்துக்கு ஐந்து நிமிடம் உட்காருங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் ஒரு சின்ன மணை போடுங்கள், முழங்கால் இடுப்பைவிட உயரட்டும்.

கேள்வி: டயட் டீ குடித்தால் மறுநாள் வயிறு சுத்தமாகி எடையும் குறைகிறது. தினமும் குடிக்கலாமா?

பதில்: பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். சென்னா என்று இருந்தால் அது நம் நிலாவரை, திருநெல்வேலிப் பக்கம் விளைந்து அந்த ஊர்ப் பெயரிலேயே உலகம் முழுக்கப் போகும் மூலிகை. நல்ல பேதி மருந்துதான், எப்போதாவது ஒருமுறை பயன்படுத்தலாம். எடைக் கருவியில் குறைவது மலமும் தண்ணீரும், கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை. தினமும் குடித்தால் வயிற்றுப் பிடிப்பு, பொட்டாசியம் குறைவது என்று போகும். இதையே திருப்பிப் பார்த்தால், மலச்சிக்கல் நாளில் ஏறும் முக்கால் கிலோ, ஒரு கிலோவும் கொழுப்பு இல்லை, அதைப் பார்த்துச் சோற்றை இன்னும் குறைக்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை இரண்டும் போடுகிறார். இசப்கோல் கொடுக்கலாமா?

பதில்: இரும்புச்சத்து மாத்திரையே மலத்தை இறுக்கும், கறுப்பாக்கும். மருத்துவரிடம் வேறு வகையோ அளவோ மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். இசப்கோல் கொடுத்தால் ஒரு டீஸ்பூன், முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும், பொடியாக வாயில் போட்டு விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுபவர் என்றால் வேண்டவே வேண்டாம். தைராய்டு மாத்திரை காலை வெறும் வயிற்றில் என்றால் இசப்கோலை மாலைக்கு மாற்றுங்கள், ஒன்றாகப் போட்டால் மாத்திரை சரியாக உள்ளே சேராது.

இந்த வயதில் மலம் போகும் பழக்கம் புதிதாக மாறியிருந்தால், டயட்தான் காரணம் என்று நீங்களாக முடிவு செய்யாமல் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு இருந்தால் எந்த வயதானாலும் தள்ளிப் போடக் கூடாது. வாந்தியோடு வயிறு வீங்கி, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், வீட்டில் எந்தப் பேதி மருந்தும் கொடுக்காதீர்கள்.