1735ஆம் ஆண்டுச் சட்டம், 1944இல் தண்டனை

சட்டம் என்பது ஆள்பவரின் கட்டளைதானே? பிரிட்டிஷ் சட்டத் தத்துவ அறிஞர் ஹார்ட் ஏன் இதை மறுத்தார்?

மக்கள் வழக்கமாகக் கீழ்ப்படிகிற இறையாளர், அதாவது உச்ச அதிகாரம் கொண்டவர், தண்டனை மிரட்டலோடு இடும் கட்டளையே சட்டம் என்றார் ஆங்கிலச் சட்ட அறிஞர் ஆஸ்டின் (1832).

சரி, ஆவிகளை அழைப்பதாகச் சொன்ன ஹெலன் டங்கனை 1944இல் லண்டன் நீதிமன்றத்தில் 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டப்படி தண்டித்தார்கள். அதை இயற்றியவர்கள் மறைந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. இறந்தவர்களுக்கு எப்படி வழக்கமாகக் கீழ்ப்படிவது? இன்றைய அரசு ரத்து செய்யாததே மறைமுகக் கட்டளை என்று சமாளிக்கலாம். ஆனால் அரசு அதை நினைத்துப் பார்க்கும் முன்பே நீதிமன்றம் அதைச் சட்டமாக ஏற்கிறதே!

ஏனென்றால், அரசரும் நாடாளுமன்றமும் சேர்ந்து இயற்றியது சட்டம் என்ற அளவுகோலை நீதிபதிகள் பொதுவாக ஏற்று நடக்கிறார்கள். இதைத்தான் ஹார்ட் 1961இல் அங்கீகார விதி என்றார். இதை யாரும் கட்டளையிடவில்லை. நாடாளுமன்றத்துக்கே சட்டமியற்றும் அதிகாரம் இதிலிருந்துதான் வருகிறது.