பத்தாயிரம் ஆர்மர் இருந்தும் ஒரே அடியில் சாவது ஏன்?

"பாத் ஆஃப் எக்ஸைல் ஆடுகிறேன். லைஃப் 4,500, ஆர்மர் 10,000. அடி 60 சதவீதத்துக்கு மேல் குறையும் என்று கேரக்டர் பக்கத்தில் காட்டுகிறது. சில்லறை மான்ஸ்டர்கள் அடித்தால் தெரிவதே இல்லை. பாஸ் ஓங்கி ஒன்று விட்டால் கதை முடிந்தது. டெலிகிராமில் ஒருவர் 20,000 ஆர்மர் வரும் செட்டை 3,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கினால் தாங்குமா?"
— வாசகர், திருப்பூர்

வாங்காதீர்கள். அந்த ஆள் ஏமாற்றாமல் சொன்ன செட்டையே கொடுத்தாலும் உங்கள் பிரச்சினை தீராது. காரணம் இந்த ஒரு வரியில் இருக்கிறது:

```
Reduction = Armour / (Armour + 5 × Damage)
```

பயப்பட வேண்டாம், பள்ளிக்கூட வகுத்தல்தான். இதில் கவனிக்க வேண்டியது, வருகிற அடியின் அளவே கணக்குக்குள் இருக்கிறது என்பது. அடி எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு ஆர்மர் தடுக்கும் சதவீதம் சரியும். ஆக "என் ஆர்மர் 60 சதவீதம் தடுக்கும்" என்று பொதுவாகச் சொல்லவே முடியாது. எந்த அடியை என்று கேட்டாக வேண்டும்.

உங்கள் 10,000 ஆர்மரையே போட்டுப் பார்ப்போம். 200 அடி வந்தால் கணக்கு 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. 90தான் உச்சவரம்பு என்பதால் அங்கே நின்று, உங்களுக்கு 20 மட்டும் விழும். 1,000 அடி வந்தால் மூன்றில் இரண்டு பங்கு போய் 333 விழும். 5,000 வந்தால் தடுப்பு 28.6 சதவீதம்தான், 3,571 விழும். 10,000 வந்தால் 16.7 சதவீதம், 8,333 விழும். இன்னொரு மாதிரியும் பாருங்கள். ஆயிரம் ஆயிரமாக ஐந்து அடி வாங்கினால் மொத்தம் 1,667. அதே 5,000 ஒரே அடியாக வந்தால் 3,571. சில்லறை மான்ஸ்டர் கூட்டத்துக்குள் நீங்கள் ராஜா மாதிரி நடப்பதும், பாஸிடம் ஒரே அடியில் விழுவதும் இதனால்தான்.

உணவு டெலிவரி ஆப்பில் "60% தள்ளுபடி" என்று பெரிதாகப் போட்டு, கீழே பொடி எழுத்தில் "அதிகபட்சம் 120 ரூபாய்" என்று வைப்பார்களே, ஆர்மரும் அந்த ரகம். சூத்திரத்தைச் சற்று நோண்டினால் பொடி எழுத்து தெரியும்: ஒரு அடியிலிருந்து உங்கள் ஆர்மரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒருபோதும் கழியாது. 10,000 ஆர்மர் என்றால் எப்பேர்ப்பட்ட அடியானாலும் 2,000-க்குள்தான் தள்ளுபடி.

அப்படியானால் கேரக்டர் பக்கத்தில் தெரியும் 60 சொச்சம் எங்கிருந்து வருகிறது? உங்கள் லெவலில் இருக்கும் ஒரு சாதாரண மான்ஸ்டரின் சராசரி அடியை வைத்துப் போட்ட மதிப்பீடு அது. மதிப்பீடு என்று அவர்களே பெயரிலும் போட்டிருக்கிறார்கள், ஆனால் யார் படிக்கிறார்கள்? யாரும் சாகாத அடிக்கு ஒரு சதவீதத்தைக் கொட்டை எழுத்தில் காட்டுகிறார்கள். ஆளைக் கொல்கிற அடிக்கு என்ன ஆகும் என்பதைக் காட்ட இன்னொரு வரி சேர்த்தால் போதும். கேம் 2013-இல் வந்தது. இத்தனை வருடமாக ஆட்டக்காரர்கள் கால்குலேட்டரை எடுத்துத் தாங்களே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் தீராத எரிச்சல்.

இப்போது அந்த 3,500 ரூபாய் செட். 4,500 லைஃப், 10,000 ஆர்மர் வைத்து நீங்கள் தாங்கக்கூடிய மிகப் பெரிய ஃபிஸிக்கல் அடி 6,000-க்கு ஒரு மயிரிழை கீழே. (அதற்கு 25 சதவீதம் தடுப்பு, மீதி 4,500, அதாவது உங்கள் முழு லைஃப்.) ஆர்மரை இரு மடங்காக்கி 20,000 ஆக்கினால் இந்த 6,000 எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? 12,000 எல்லாம் இல்லை. ஏறத்தாழ 7,050. அவ்வளவுதான்.

ஆர்மரைத் தொடாமல் லைஃபை மட்டும் 4,500-லிருந்து 5,500 ஆக்கினாலும் இதே 7,050 வரும். ஆயிரம் லைஃப் செய்கிற வேலையைச் செய்யப் பத்தாயிரம் ஆர்மர் தேவைப்படுகிறது. கொஞ்ச நேரம் மட்டும் நிற்கும் எண்டியூரன்ஸ் சார்ஜ் இன்னும் மலிவு. ஒரு சார்ஜுக்கு 4 சதவீதம் ஃபிஸிக்கல் தடுப்பு, மூன்று சார்ஜுக்கு 12. இந்த 12 அடியின் அளவைப் பார்ப்பதில்லை, ஆர்மர் தருகிற சதவீதத்தோடு நேரே கூடும். மூன்றையும் வைத்திருந்தால் 4,500 லைஃபிலேயே 6,870 வரை தாங்குவீர்கள். என்டியூரிங் க்ரை ஸ்கில்லை அழுத்தினால் சார்ஜ் கிடைத்துவிடும், அதற்கு டெலிகிராமில் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பாஸ் ஓங்கும்போது சார்ஜ் இருக்க வேண்டும். தீர்ந்துபோன சார்ஜுக்கு மதிப்பில்லை.

விற்பவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் 20,000 என்று இருக்கும். அது எல்லாவற்றையும் ஆன் செய்துவிட்டு எடுத்த படம். கிரானைட் பிளாஸ்க் ஒன்று குடித்தாலே 1,500 ஆர்மர் ஏறும், அதன் மேல் ஸ்கில் மரத்தில் உள்ள சதவீத உயர்வுகளும் சேரும். ஆர்மரை ஏற்றும் டிட்டர்மினேஷன் ஆராவை வேறு போட்டிருப்பார். பிளாஸ்க் முடிந்ததும் எண் இறங்கிவிடும். அந்த ஆராவுக்கு உங்கள் பில்டில் மானா ஒதுக்க இடம் இருக்கிறதா என்பதும் அவர் கவலை இல்லை. "பிளாஸ்க் இல்லாமல், டவுனில் நின்று படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் வாங்காதீர்கள். கேமுக்குள் இருக்கும் பொருளை நிஜப் பணத்துக்கு வாங்குவதும் விற்பதும் விதிப்படி தடை, அக்கவுண்ட்டே போகும். போனால் விற்றவர் நம்பரை மாற்றிக்கொள்வார், நீங்கள்தான் லெவல் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கேமுக்குள்ளேயே ஆர்ப் கொடுத்து வாங்கும் சந்தை இருக்கும்போது ரூபாய்க்கு அங்கே வேலையே இல்லை.

பழைய யூடியூப் வீடியோக்களையும் நம்பாதீர்கள். சூத்திரத்தில் 5 இருக்கும் இடத்தில் 2021 வரை 10 இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த 3.16 பேட்ச்தான் மாற்றியது. "ஆர்மர் குப்பை" என்று அதற்கு முன்பு சொன்னவர்கள் வேறு கணக்கைப் பார்த்துச் சொன்னார்கள். இரண்டாம் பாகத்தின் கணக்கும் வேறு, அதைக் கொண்டுவந்து இங்கே ஒட்டாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் ரெசிஸ்டன்ஸ் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. எனக்குச் சந்தேகமே அங்கேதான். ஆர்மர் ஃபிஸிக்கல் அடிக்கு மட்டும். பாஸின் பெரிய அடிகள் பலவற்றில் பாதி தீயாகவோ மின்னலாகவோ மாறித்தான் வரும், அந்தப் பாதியை ஆர்மர் கண்டுகொள்ளாது. அதைத் தடுப்பது ரெசிஸ்டன்ஸ். அது ஆர்மரைப் போல அடிக்கு அடி மாறாது. 75 சதவீதம் என்றால் 100 வந்தாலும் 10,000 வந்தாலும் 75 சதவீதம்தான். சாதாரண உச்சவரம்பும் அந்த 75-தான்.

பாஸ் 4,000 ஃபிஸிக்கலும் 4,000 தீயும் கலந்து ஒரு அடி அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிஸிக்கலில் மூன்றில் ஒரு பங்கு போய் 2,667 விழும். தீ ரெசிஸ்டன்ஸ் 75 என்றால் 1,000 விழும். மொத்தம் 3,667, பிழைத்தீர்கள். ரெசிஸ்டன்ஸ் 50 என்றால் தீயிலிருந்து 2,000. மொத்தம் 4,667. செத்தீர்கள். 75-க்கும் 50-க்கும் இடையே 25தானே என்று தோன்றும், ஆனால் விழுகிற தீ இரண்டு மடங்கு. கதையின் ஐந்தாம் ஆக்ட் முடிந்ததும் எல்லா ரெசிஸ்டன்ஸிலும் 30 பிடித்தம், பத்தாம் ஆக்ட் முடிந்ததும் இன்னொரு 30. அந்த இரண்டு ஆக்ட்டுக்கும் கடைசி பாஸான கிடாவாவை இரண்டாம் முறை கொன்ற சந்தோஷத்தில் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. அதன்பிறகு 75 நிற்க வேண்டுமென்றால் பொருள்களிலிருந்தும் மரத்திலிருந்தும் மொத்தம் 135 வர வேண்டும். கேயாஸ் என்ற இன்னொரு டேமேஜ் வகையின் ரெசிஸ்டன்ஸுக்கும் இதே பிடித்தம் உண்டு.

எல்லாரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது, ரத்தக்கசிவு. அதுவும் ஃபிஸிக்கல் டேமேஜ்தான், ஆனால் ஆர்மர் அதைத் தடுக்காது. ஆர்மர் அடியைத் தடுக்கும்; அடி விழுந்த பிறகு நொடிக்கு நொடி இறங்குவதை அல்ல. அதைவிட மோசம், கசிவின் அளவு உங்கள் மேல் விழுந்த குறைந்த எண்ணிலிருந்து வருவதில்லை, ஆர்மர் கழிப்பதற்கு முன்பிருந்த முழு அடியிலிருந்து வருகிறது. 1,000 அடியை 333 ஆக்கினீர்கள் என்று மகிழ வேண்டாம், கசிவு 1,000-ஐப் பார்த்துத்தான் கணக்குப் போடும். ஓடினால் இன்னும் வேகமாக இறங்கும், நம் ஆட்களுக்கோ அடி விழுந்ததும் ஓடுவதுதான் முதல் வேலை. கசிவை நிறுத்தும் பிளாஸ்க் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். கரப்டட் பிளட் என்று இன்னொன்று உண்டு, சில ரேர் மான்ஸ்டர்களை நீங்கள் அடிக்கும்போது உங்கள் மேல் அடுக்கடுக்காக ஏறும். அதற்கு ஓடுவது நிற்பது எல்லாம் ஒன்றுதான். ஆனால் அதுவும் ஆர்மரை மதிக்காது. அது ஏறவே விடாத கரப்ட் ஆன ஜூவல் ஒன்று சந்தையில் கிடைக்கும், கூட்டத்துக்குள் புகுந்து அடிக்கிற பில்டுக்கு அது முக்கியம். "திடீரென்று செத்தேன்" என்று சொல்கிறவர்களில் கொஞ்சம் பேரையாவது பாஸின் அடி கொல்லவில்லை, அதற்குப் பின் வந்த இரண்டு நொடி கொன்றது. உங்கள் லைஃப் உருண்டை ஒரேயடியாகக் காலியானதா, வழிந்து காலியானதா என்று அடுத்த முறை பாருங்கள். வழிந்தால் இந்தப் பத்தி உங்களுக்குத்தான்.

முதலில் தீ, குளிர், மின்னல் மூன்று ரெசிஸ்டன்ஸும் 75-இல் நிற்கின்றனவா என்று பாருங்கள். பிறகு லைஃபை 5,500-க்குக் கொண்டு போங்கள், என்டியூரிங் க்ரையைச் சேருங்கள். இது இரண்டும் சேர்ந்தால் 10,000 ஆர்மரிலேயே தாங்கும் அடி 8,000-ஐத் தாண்டும். ஆர்மரை ஏற்றுவது அதற்கப்புறம். எதை மாற்றினாலும் பாத் ஆஃப் பில்டிங் மென்பொருளில் கேரக்டரை இறக்கி, பிளாஸ்க்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, நீங்கள் தாங்கும் அதிகபட்ச அடியைக் காட்டும் `Max Hit` எண்கள் ஏறினவா என்று பாருங்கள். கேரக்டர் பக்கத்துச் சதவீதம் ஏறி அது ஏறவில்லை என்றால் அந்தப் பொருளைத் திரும்பச் சந்தையில் போட்டுவிடுங்கள்.