இங்கிலாந்து நர்ஸ் வேலை: ஏஜென்ட் கட்டணத்திலும் சம்பளப் பிடித்தத்திலும் எது அநியாயம்?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து நான்கு வருடம் வார்டில் வேலை பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை வாங்கித் தருவதாக ஏஜென்ட் இரண்டரை லட்சம் கேட்கிறார். மூன்று வருடத்துக்குள் விலகினால் 8,000 பவுண்டு கட்ட வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. எது நியாயம்?

பதில்: இரண்டரை லட்சம் முழுவதுமே அநியாயம். இந்தியாவில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் ஒருவர் வெளிநாட்டு வேலைக்கு அதிகபட்சமாக 30,000 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400 ரூபாய்தான் வாங்கலாம். அதற்கும் ரசீது தர வேண்டும். இங்கிலாந்து வேலைகளில் அந்தத் தொகைக்குக்கூட இடமில்லை. வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதை அந்நாட்டின் 1973ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வெளிநாட்டு நர்ஸ்களைச் சேர்ப்பதற்கான அரசு நெறிமுறையும் முகவரின் கூலியை வேலை கொடுப்பவரே ஏற்க வேண்டும் என்கிறது. இது தெரிந்த ஏஜென்ட்கள் 'டாக்குமென்டேஷன்', 'பிராசசிங்', 'இன்டர்வியூ பயிற்சி' என்று வேறு பெயர்களில் பணம் கேட்பார்கள். வேலை உறுதியாவதற்கு அந்தப் பணம் நிபந்தனையாக இருந்தால், பெயர் எதுவானாலும் அது ஆள்சேர்ப்புக் கட்டணம்தான். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை emigrate.gov.in தளத்தில் முதலில் பாருங்கள். பதிவு இல்லாத 'சப்-ஏஜென்ட்' தன் சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால், மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

ஆங்கிலத் தேர்வு, நர்ஸ்களைப் பதிவு செய்யும் இங்கிலாந்து அமைப்பான என்எம்சியின் விண்ணப்பம், அதன் கணினிவழித் தகுதித் தேர்வு போன்றவற்றின் கட்டணங்களை அந்தந்த அமைப்புக்கு நீங்களே நேரடியாகக் கட்டுவது வேறு விஷயம். அந்தப் பதிவும் மதிப்பெண்ணும் உங்களுடையவை. வேலை மாறினாலும் உங்களுடனே வரும்.

8,000 பவுண்டு நிபந்தனையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிபந்தனை எல்லாமே சட்டவிரோதம் அல்ல. உண்மையில் செலவான தொகையாகவும், கணக்கு வெளிப்படையாகவும், வேலை பார்த்த காலத்துக்கேற்பக் குறைவதாகவும் இருந்தால் அரசு நெறிமுறை அதை ஏற்கிறது.

நான் இங்கே இங்கிலாந்தில் வார்டில் வேலை பார்க்கிறேன். தோழி ஒருவருக்கு வந்த கணக்கைச் சேர்ந்து உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். ஒரு முதியோர் இல்லத்தில் ஒன்றரை வருடம் வேலை பார்த்துவிட்டு விலகிய அவரிடம் அந்த இல்லத்தார் 7,500 பவுண்டு கேட்டார்கள். அதில் விமானக் கட்டணம் 550, ஆஸ்கி செய்முறைத் தேர்வு 794, என்எம்சி விண்ணப்பத்துக்கும் பதிவுக்கும் 293, முதல் மாதத் தங்குமிடம் 600, ஆக 2,237 பவுண்டு அவருக்காகவே செலவானது. மீதி 5,263 பவுண்டில் 3,000 ஏஜென்டுக்கு அவர்கள் கொடுத்த கூலி. 1,092 வெளிநாட்டவரை அமர்த்துவதற்காக அரசு வேலை கொடுப்பவரிடம் வசூலிக்கும் குடியேற்றத் திறன் கட்டணம். 1,171 முதியவர்களைத் தூக்குதல், தீயணைப்பு, மருந்து கொடுத்தல் போன்ற அறிமுகப் பயிற்சி.

திறன் கட்டணத்தை ஊழியர் தலையில் கட்டக் கூடாது என்பது சட்டம். கட்டினால் வெளிநாட்டவரை வேலைக்கு அழைக்க அந்த நிறுவனத்துக்கு உள்ள ஸ்பான்சர் உரிமமே போகக்கூடும். அறிமுகப் பயிற்சி உள்ளூரில் சேரும் ஊழியருக்கும் கொடுத்தே ஆக வேண்டியது. ஏஜென்டின் கூலியை வேலை கொடுப்பவரே ஏற்க வேண்டும் என்று முன்பே சொன்னேன். ஆக எஞ்சுவது 2,237. மூன்று வருட ஒப்பந்தத்தில் பாதியை முடித்துவிட்டதால் அதிலும் பாதி, ஏறக்குறைய 1,119 பவுண்டுதான் நியாயமாகக் கேட்கக்கூடியது. அவர்களுடைய ஒப்பந்தத்தில் இந்தத் தேய்மானம் இல்லவே இல்லை; முதல் மாதத்தில் போனாலும் முப்பத்தைந்தாவது மாதத்தில் போனாலும் ஒரே தொகைதான். அது செலவை மீட்பதற்காக எழுதியது அல்ல, ஆளைப் பிடித்து வைப்பதற்காக எழுதியது.

இதைக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள, ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும் அல்லது உங்கள் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் முன்கூட்டியே இருக்க வேண்டும். ஆனால் உங்கள் கையெழுத்தைக் காட்டியே பிடிப்பார்கள் என்பதால், கையெழுத்துக்கு முன் வாதாடுவதுதான் எளிது. பிடித்துவிட்டால் தொழிற்சங்கத்திடமும் ஏகாஸ் என்ற அரசு சமரச அமைப்பிடமும் உடனே போக வேண்டும். தொழிலாளர் தீர்ப்பாயத்தில் முறையிடுவதற்கான காலக்கெடு மிகவும் குறுகியது.

மாதாமாதம் பிடிக்கும் வாடகையையும் கவனியுங்கள். பதிவு கிடைக்கும்வரை பலருக்குப் பராமரிப்பாளர் சம்பளம், அதாவது குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டிய தொகைதான் வரும். அந்த நிலையில் வேலை கொடுப்பவரே தங்குமிடம் தந்தால், அரசு வைத்திருக்கும் நாள் வரம்புக்கு மேல், 2025 ஏப்ரலில் அது 10.66 பவுண்டாக இருந்தது, வாங்கும் வாடகை குறைந்தபட்ச ஊதியத்தைக் குறைத்ததாகவே கணக்காகும். ஒரே அறையில் நான்கு பேரை வைத்துத் தலைக்கு 500 பவுண்டு பிடிக்கும் இடங்கள் இதில்தான் மாட்டுகின்றன.

ஆகவே ஏஜென்டிடம் பேசிக்கொண்டிருக்காமல் முதியோர் இல்லத்தின் மனிதவளப் பிரிவுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். 8,000 பவுண்டின் இனவாரியான கணக்கு என்ன, மாதாமாதம் எவ்வளவு குறையும், ஏஜென்ட் என்னிடம் இரண்டரை லட்சம் கேட்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு எழுத்தில் பதில் வராத இடத்துக்கு நான் யாரையும் போகச் சொல்வதில்லை.